மனித உரிமை எல்லோருக்கும் ஒன்றா? கலந்துரையாடலுக்கு முன் படிக்க ஒரு கேள்வி-பதில்

பொதுமைவாதம், பண்பாட்டுச் சார்புவாதம் இரண்டும் என்ன சொல்கின்றன? சுருக்கமாக வேண்டும்.

மனிதராகப் பிறந்த எவருக்கும், எந்த நாட்டில் எந்த வழக்கத்தில் வளர்ந்திருந்தாலும், சில உரிமைகள் உண்டு என்பது பொதுமைவாதம். சரி, தவறு என்பதற்கான அளவுகோலை ஒவ்வொரு பண்பாடும் தனக்குள்ளேயே உருவாக்கிக்கொள்கிறது, ஒருவரின் கோலைக் கொண்டு இன்னொருவரை அளக்கக் கூடாது என்பது சார்புவாதம்.

சார்புவாதத்துக்குள் இரண்டு கூற்றுகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. மக்களின் அறநெறிகள் இடத்துக்கு இடம் மாறுபடுகின்றன என்பது முதல் கூற்று. அது வெறும் தகவல், யாரும் மறுக்க மாட்டார்கள். அதனால் வெளியிலிருந்து யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது இரண்டாவது. இது ஓர் அறக் கட்டளை. முதலாவது உண்மை என்பதாலேயே இரண்டாவது உண்மையாகிவிடாது. மேலும், "எல்லோரும் எல்லாப் பண்பாடுகளையும் மதிக்க வேண்டும்" என்று சொல்லும்போதே சார்புவாதியும் உலகம் முழுமைக்கும் ஒரு பொது விதியைத்தான் முன்வைக்கிறார்.

ஐ.நா.வின் 1948 உலக மனித உரிமைப் பிரகடனத்தை மேற்கு நாடுகள்தானே எழுதின? அது எப்படி எல்லோருக்கும் பொதுவாகும்?

இந்தக் குற்றச்சாட்டில் பாதி உண்மை. அப்போது ஐ.நா.வில் 58 நாடுகள்தான் இருந்தன. ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியும் ஆசியாவின் பல நாடுகளும் காலனிகள். அந்த மக்களுக்கு அங்கே இருக்கையே இல்லை. இந்தக் குறையை எந்த வாதத்தாலும் மறைக்க முடியாது.

மற்றப் பாதியையும் பார்க்க வேண்டும். அதை வரைந்த ஐ.நா. மனித உரிமை ஆணையத்தின் தலைவர் அமெரிக்காவின் எலினோர் ரூஸ்வெல்ட். ஆனால் வரைவில் ஆழமாக ஈடுபட்டவர்களில் சீனாவின் பி. சி. சாங், லெபனானின் சார்லஸ் மாலிக், சிலியின் எர்னான் சாந்தா குரூஸ் ஆகியோரும் இருந்தார்கள். "எல்லா ஆண்களும்" என்று படிக்க இடம் தந்த முதல் பிரிவின் தொடக்கத்தை "எல்லா மனிதர்களும்" என்று மாற்றவைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. வேலை, சமூகப் பாதுகாப்பு பற்றிய பிரிவுகளில் லத்தீன் அமெரிக்க நாடுகளின் பங்கு பெரியது.

1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் வாக்கெடுப்பு நடந்தது. 48 நாடுகள் ஆதரித்தன, எதிர்ப்பு ஒன்றும் இல்லை, 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. ஒதுங்கியவற்றில் சோவியத் அணி நாடுகளும் யூகோஸ்லாவியாவும் சேர்ந்து ஆறு. மீதி இரண்டு, சவுதி அரேபியாவும் தென்னாப்பிரிக்காவும்.

சவுதி அரேபியா எதிர்த்தது இரண்டு பிரிவுகளை. ஒன்று திருமணத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம உரிமை தரும் 16ஆம் பிரிவு. இன்னொன்று மதம் மாறும் உரிமையைச் சொல்லும் 18ஆம் பிரிவு. இஸ்லாமியப் பண்பாட்டுக்கு இவை ஒவ்வாதவை என்பது அதன் வாதம். அதே அவையில் பாகிஸ்தான் இரண்டையும் ஆதரித்தது. ஜஃப்ருல்லா கான் மதச் சுதந்திரப் பிரிவுக்காகப் பேசினார். ஷாயிஸ்தா இக்ரமுல்லா திருமணச் சமத்துவப் பிரிவுக்காக வாதாடினார். இருவரும் முஸ்லிம் பெரும்பான்மை நாட்டின் பிரதிநிதிகளாகத்தான் பேசினார்கள். "இஸ்லாமியப் பண்பாடு இதைத்தான் சொல்கிறது" என்று அந்த அறைக்குள்ளேயே ஒருமித்த கருத்து இருக்கவில்லை. மேற்கு, கிழக்கு என்று கோடு கிழித்துப் படிப்பவர்கள் இதை எளிதாகத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

மானிடவியலாளர்கள் அந்தப் பிரகடனத்தை எதிர்த்தார்களாமே?

ஆமாம். 1947இல், பிரகடனம் வரைவில் இருந்தபோதே, அமெரிக்க மானிடவியல் சங்கத்தின் செயற்குழு ஓர் அறிக்கையை ஐ.நா.வுக்கு அனுப்பியது. அதை எழுதியதில் மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸுக்கு முக்கியப் பங்கு. மனிதரின் ஆளுமை அவருடைய பண்பாட்டின் வழியாகத்தான் உருவாகிறது, ஆகவே தனிமனிதரை மதிப்பது என்றால் அவர் பண்பாட்டையும் மதிப்பதுதான் என்றது அது. காலனி ஆட்சி "நாகரிகப்படுத்துகிறோம்" என்று சொல்லிக்கொண்டு செய்த அழிவு அவர்கள் கண்முன் இருந்தது. அந்த எச்சரிக்கை நேர்மையானது என்றே நினைக்கிறேன்.

சிக்கல் நாஜி ஜெர்மனியிடம் வந்தது. எல்லாப் பண்பாட்டையும் மதிக்க வேண்டுமென்றால் அதை என்ன செய்வது? அப்படிப்பட்ட ஆட்சிகள் இருக்கும் இடங்களிலும் மக்களின் அடியாழத்துப் பண்பாட்டு விழுமியங்களே அவர்களைத் திருத்த உதவும் என்று ஒரு வாக்கியத்தை அறிக்கை சேர்த்தது. சக மானிடவியலாளர்களே இதைக் கடுமையாக விமர்சித்தார்கள். சகித்துக்கொள்ள வேண்டியதையும் எதிர்க்க வேண்டியதையும் பிரிக்க ஓர் அளவுகோல் தேவை என்று ஆனபிறகு, சார்புவாதத்தில் நிற்க முடியாது என்பது அவர்கள் சொன்ன குறை. 1999இல் அதே சங்கம் மனித உரிமைகளை ஆதரித்து வேறொரு பிரகடனம் வெளியிட்டது.

எப்படியிருந்தாலும் சார்புவாதம் எளியவர்களுக்கான கேடயம்தானே? வல்லரசுகளிடமிருந்து அது காப்பாற்றுகிறதே.

சில சமயம் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் வல்லவர்களும் அதே கேடயத்தை ஏந்தியிருக்கிறார்கள். 1950இல் ஐரோப்பிய நாடுகள் தங்களுக்கென மனித உரிமை ஒப்பந்தம் எழுதியபோது, காலனிகளுக்கு அது தானாகச் செல்லாது, அரசு விரும்பி நீட்டித்தால்தான் செல்லும், அப்போதும் "உள்ளூர்த் தேவைகளை" கருத்தில் கொண்டே செல்லும் என்று ஒரு பிரிவை வைத்தன. அதே காலத்தில் ஐ.நா. வரைந்துகொண்டிருந்த மனித உரிமை உடன்படிக்கையிலும் இப்படியொரு காலனிப் பிரிவு வேண்டுமென்று அவை கேட்டன. அங்குள்ள மக்களின் வழக்கங்கள் வேறு, வளர்ச்சி நிலை வேறு என்பது சொல்லப்பட்ட காரணம். எங்களுக்கும் அதே உரிமைகள் வேண்டும் என்று அதை எதிர்த்தவை ஆசிய, அரபு நாடுகள். தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசும் பின்னாளில் கறுப்பின மக்களைத் தனி நிலங்களில் ஒதுக்கியதற்கு, ஒவ்வோர் இனமும் தன் பண்பாட்டின்படி தனியாக வளரட்டும் என்றுதான் நியாயம் சொன்னது.

நிஜமான ஒரு வழக்கை வைத்துச் சொல்ல முடியுமா?

சாண்ட்ரா லவ்லேஸ் வழக்கைத்தான் நான் முதலில் சொல்வேன். கனடாவின் நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் டோபிக் என்ற பழங்குடி ஒதுக்கிடம் இருக்கிறது. அங்கே மாலிசீட் பழங்குடியில் பிறந்தவர் சாண்ட்ரா. 1970 மே மாதம் பழங்குடியைச் சேராத ஒருவரை மணந்தார். பழங்குடிகளை "இந்தியர்" என்று குறிப்பிடும் கனடாவின் இந்தியர் சட்டம் 12(1)(ஆ) பிரிவின்படி, வெளியாளை மணக்கும் பழங்குடிப் பெண் தன் பழங்குடித் தகுதியை இழப்பாள். பழங்குடி ஆண் வெளிப்பெண்ணை மணந்தால் அவன் எதையும் இழப்பதில்லை. அந்த வெளிப்பெண்ணுக்கே பழங்குடித் தகுதி கிடைத்துவிடும்.

மணமுறிவுக்குப் பிறகு சாண்ட்ரா பிள்ளையோடு ஊர் திரும்பினார். ஒதுக்கிடத்தில் குடியிருக்கும் சட்ட உரிமை அவருக்கு இல்லை, நிலத்தில் பங்கில்லை, செத்தால் அங்கே புதைக்கப்படும் உரிமையும் இல்லை. கனடிய நீதிமன்றத்துக்குப் போய்ப் பயனில்லை, ஏனென்றால் 1973இல் ஜனெட் லவெல், இவோன் பெடார்ட் என்ற இரு பழங்குடிப் பெண்களின் வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் இதே பிரிவைச் செல்லும் என்று சொல்லிவிட்டது. அந்த வழக்கில் பழங்குடி அமைப்புகள் சிலவும் சட்டத்தைக் காக்கும் பக்கம் நின்றன. இந்தியர் சட்டத்தில் ஓர் இழையைப் பிரித்தால் அது தரும் பாதுகாப்பு முழுவதும் அவிழ்ந்துவிடும் என்று அவை அஞ்சின. அந்த அச்சத்தை அலட்சியப்படுத்திவிட முடியாது. 1969இல்தான் கனடிய அரசு அந்தச் சட்டத்தையே ஒழித்துப் பழங்குடிகளின் தனித்தகுதியை இல்லாமலாக்க முன்மொழிந்திருந்தது.

கனடா 1976இல் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்தது. தனிநபர் முறையீட்டையும் ஏற்றுக்கொண்டது. சாண்ட்ரா 1977 டிசம்பரில் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்கு எழுதினார். சட்டம் மாற வேண்டியதுதான், ஆனால் பழங்குடிச் சமூகமே இதில் பிளவுபட்டிருக்கிறது, கலந்துபேசித்தான் செய்ய முடியும் என்றது அரசு. தந்தைவழியே பழங்குடிக் குடும்பங்களின் மரபு என்றும், வெளி ஆண்கள் உள்ளே வந்தால் நிலம் பறிபோகும் என்ற பயம் 19ஆம் நூற்றாண்டில் இருந்தது என்றும் விளக்கியது. சாண்ட்ரா இந்த மரபுக் கதையையே மறுத்தார். தன் மக்களிடையே சட்ட உறவுகள் தந்தைவழியாகத்தான் இருந்தன என்பதை அவர் ஏற்கவில்லை. வெளியாளை மணந்த பெண்ணை நீக்கும் விதி முதலில் எழுதப்பட்டது 1869இல், கனடிய நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில். பழங்குடி அவை எதுவும் அதை இயற்றவில்லை.

1981 ஜூலை 30 அன்று குழு முடிவு சொன்னது. திருமணம் நடந்தது 1970இல், உடன்படிக்கை கனடாவைக் கட்டுப்படுத்தியது 1976இலிருந்து. அதனால் தகுதி பறிக்கப்பட்ட நிகழ்வை மட்டும் எடுத்துக்கொண்டு பால் பாகுபாடு என்று தீர்ப்புச் சொல்லக் குழு முன்வரவில்லை. இன்றும் தொடரும் விளைவு என்ன என்று பார்த்தது. கையில் எடுத்தது 27ஆம் பிரிவை, அதாவது சிறுபான்மையினர் தங்கள் சமூகத்தாரோடு சேர்ந்து தங்கள் பண்பாட்டை அனுபவிக்கும் உரிமையை. டோபிக்கைத் தவிர வேறெங்கும் அப்படியொரு சமூகம் அவருக்கு இல்லை என்றது குழு. அங்கே வாழ விடாமல் தடுத்தால் அவருடைய பண்பாட்டையே அவரிடமிருந்து பறிப்பதாகும். பழங்குடியின் அடையாளத்தைக் காக்க இந்தத் தடை தேவை என்றும் காட்டப்படவில்லை. ஆகவே கனடா உடன்படிக்கையை மீறிவிட்டது.

பண்பாட்டைக் காக்கிறோம் என்று அரசு கொண்டுவந்த வாதம், பண்பாட்டு உரிமையின் பெயரிலேயே தோற்றது. பொது உரிமை ஒரு பக்கம், பண்பாடு மறுபக்கம் என்று நிறுத்தி இந்த வழக்கைப் படித்தால் ஒன்றும் புரியாது.

இதே மாதிரி வழக்கில் அமெரிக்காவில் வேறு தீர்ப்பு வந்தது என்கிறார்களே?

1978இல் வந்தது. நியூ மெக்சிகோவின் சாந்தா கிளாரா புவேப்லோ என்ற பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த ஜூலியா மார்ட்டினெஸ் 1941இல் வேறொரு பழங்குடியான நவஹோவைச் சேர்ந்த ஓர் ஆணை மணந்தார். புவேப்லோ அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1939இல், ஒரு விதி செய்திருந்தது. வெளியில் மணக்கும் ஆணின் பிள்ளைகள் உறுப்பினர்கள், வெளியில் மணக்கும் பெண்ணின் பிள்ளைகள் உறுப்பினர்கள் அல்லர். ஜூலியாவின் பிள்ளைகள் அங்கேயே வளர்ந்தவர்கள், தேவா மொழி பேசுபவர்கள். ஆனாலும் வாக்களிக்க முடியாது, தாய் இறந்தால் வீட்டை வாரிசாகப் பெற முடியாது, அங்கே தங்கும் உரிமையும் போய்விடும்.

1968இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய இந்தியர் குடிமை உரிமைகள் சட்டம் சமப் பாதுகாப்பு தரச் சொல்கிறது என்று ஜூலியா வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் அந்த விதி நியாயமா என்ற கேள்விக்கே போகவில்லை. அந்தச் சட்டம், சட்டவிரோதக் காவலுக்கு எதிரான மனுவைத் தவிர, பழங்குடி அரசின் மீது கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடர வழி தரவில்லை, பழங்குடியின் சுயாட்சியை நாங்கள் குலைக்க மாட்டோம் என்றது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் தர்குட் மார்ஷல். பள்ளிகளில் நிறப்பிரிவினையை ஒழித்த 1954 வழக்கில் வாதாடி வென்ற அதே வழக்கறிஞர்.

இந்த இரண்டில் எது சரி?

இரண்டும் ஒரே கேள்விக்கான பதில்கள் அல்ல என்பது என் கருத்து. அளவுகோல் எல்லோருக்கும் பொதுவா என்பது ஒரு கேள்வி. அந்தக் கோலை யார் கையில் கொடுப்பது என்பது வேறொரு கேள்வி. விவாதங்களில் பெரும்பாலும் இரண்டாவதற்கான நல்ல பதிலை முதலாவதற்கான பதிலாக நினைத்துக்கொள்கிறோம்.

மார்ஷல் முன் இருந்தது இரண்டாவது. ஒரு மக்களின் நிலத்தைப் பறித்த அரசின் நீதிமன்றம், "உன் உறுப்பினர் யார்" என்பதையும் தானே முடிவு செய்யலாமா? கூடாது என்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. ஆனால் அதிலிருந்து 1939 விதி ஜூலியாவுக்கு நியாயம் செய்தது என்று ஆகாது. அந்த விதியைத் தொன்மையான வழக்கம் என்று சொல்வதும் கடினம். அதற்கு முன் கலப்பு மணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தே முடிவு செய்து வந்தார்கள். கலப்பு மணங்கள் கூடி, நிலத்துக்கு நெருக்கடி வந்தபோது எழுதப்பட்ட விதி அது.

லவ்லேஸ் வழக்கில் இரண்டாவது கேள்வி எளிதாக இருந்தது. விசாரிக்கப்பட்டது நாடாளுமன்றத்தின் சட்டம். விசாரித்தது அந்த நாடு தானாகவே ஏற்றுக்கொண்ட குழு. அந்தப் பழங்குடியே இயற்றிய விதியாக இருந்திருந்தால் குழுவின் வேலை கடினமாகியிருக்கும். ஆனால் சாண்ட்ராவுக்கு ஏற்பட்ட இழப்பு அப்போதும் அதே அளவுதான்.

தீர்ப்புக்குப் பிறகு கனடாவில் எல்லாம் சரியாகிவிட்டதா?

இல்லை. டோபிக் பெண்கள் 1979இலேயே ஓகாவிலிருந்து ஒட்டாவா வரை நடந்தே போய் முறையிட்டிருந்தார்கள். அந்தப் போராட்டமும், குழுவின் முடிவும், கனடாவின் புதிய அரசமைப்பில் வந்த சமத்துவப் பிரிவும் சேர்ந்துதான் 1985இல் சட்டத்தை மாற்றவைத்தன. தகுதி இழந்த பெண்கள் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அவர்களின் பேரப்பிள்ளைகள், அதே நிலையிலுள்ள ஆண்களின் பேரப்பிள்ளைகளைவிடக் குறைந்த உரிமையோடு நின்றார்கள். அதைச் சரிசெய்ய 2019 வரை திருத்தங்கள் தேவைப்பட்டன. திரும்பி வந்தவர்களுக்கு வீடும் நிலமும் எங்கே என்று சில பழங்குடி அவைகள் எதிர்த்தன. ஒரு பொதுவான கொள்கையை வென்றெடுத்ததும் ஒதுக்கிடத்தின் பரப்பு கூடிவிடவில்லை, அந்தச் செலவு அங்கிருந்தவர்கள் தலையில்தான் விழுந்தது.

ஆசிய விழுமியங்கள் என்று 1990களில் பேசினார்களே, அது என்ன ஆனது?

1993இல் பாங்காக்கில் கூடிய ஆசிய அரசுகள், மனித உரிமைகள் பொதுவானவை, ஆனால் வரலாறு, பண்பாடு, மதப் பின்னணியை மனதில் வைத்தே அவற்றைப் பார்க்க வேண்டும் என்று அறிவித்தன. அதையொட்டி அதே ஊரில் ஆசியத் தன்னார்வ அமைப்புகளும் கூடி, பெண்களின் உரிமை உட்படப் பொதுவான உரிமைகளைப் பண்பாட்டின் பெயரால் குறைக்கக் கூடாது என்று தனி அறிவிப்பு வெளியிட்டன. இரண்டும் ஆசியக் குரல்களே. முதலாவதற்கு அரசுகள் கையெழுத்திட்டன என்பதுதான் வித்தியாசம்.

நம் தமிழ்ச் சூழலில் இப்படி ஏதாவது உண்டா?

யாழ்ப்பாணத் தமிழர்களின் வழக்கச் சட்டமான தேசவழமை மிகப் பொருத்தமான உதாரணம். அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட மணமான பெண், தன் பெயரிலுள்ள நிலத்தையோ வீட்டையோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. சம்மதம் காரணமின்றி மறுக்கப்பட்டால் நீதிமன்றத்தில் அனுமதி கேட்க வேண்டும். கணவருக்கு இப்படியொரு நிபந்தனை இல்லை.

இதை நம் மண்ணின் வழக்கம் என்று காக்க நினைப்பவர்கள் அதன் வரலாற்றையும் பார்க்க வேண்டும். தேசவழமையை 1707இல் தொகுத்தவர் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ். அதை உள்ளூர்த் தலைவர்களான 12 முதலியார்கள் சரிபார்த்தார்கள். கணவர் சம்மதம் பற்றிய இன்றைய விதி இருப்பது 1911இன் காலனிக் காலக் கட்டளைச் சட்டத்தில். அப்புறம், இலங்கை அரசமைப்பின் 16ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் ஏற்கெனவே உள்ள சட்டங்கள் செல்லும் என்கிறது. அதனால் ஒரு யாழ்ப்பாணப் பெண் சமத்துவ உரிமையைக் காட்டி இதை நீதிமன்றத்தில் வீழ்த்த முடியாது.

மறுபக்கமும் இருக்கிறது. சீதனமாக வந்த சொத்து பெண்ணுக்கே உரியது என்பதைத் தெளிவாக வைத்திருந்த மரபும் இதே தேசவழமைதான். சிறுபான்மை மக்களின் தனிச்சட்டத்தைப் பெரும்பான்மையின் நாடாளுமன்றம் திருத்துவதை அந்த மக்கள் சந்தேகத்தோடு பார்ப்பதற்கும் காரணம் உண்டு. கோல் யார் கையில் என்ற அதே கேள்வி இங்கேயும் வருகிறது. அந்தச் சந்தேகத்தின் விலையைச் சொத்தை விற்க முடியாத பெண் மட்டும் கொடுக்க வேண்டுமா என்பதை நாம் நேராகக் கேட்க வேண்டும்.

ஒருவர் "இது எங்கள் பண்பாடு" என்றால், அதை எப்படிச் சோதிப்பது?

நான் முதலில் கேட்பது, அந்த விதி எழுத்தில் வந்தது எப்போது, யார் கையால் என்பது. 1869, 1939, 1911 என்று மேலே வந்த ஆண்டுகளைப் பாருங்கள். பழையது என்று சொல்லப்பட்டவை பல சமயம் ஒரு குறிப்பிட்ட நெருக்கடியில் எழுதப்பட்டவை. எழுதப்பட்டதும் அவை உறைந்துவிடுகின்றன. புதியது என்பதாலேயே ஒரு விதி தவறாகிவிடாது, ஆனால் தொன்மையைச் சொல்லி மட்டும் அதைக் காக்க முடியாமல் போகும்.

அடுத்து, அந்த விதியால் இழப்பவர் என்ன சொல்கிறார், அதைச் சொல்ல அவருக்கு இடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். பிடிக்காவிட்டால் வெளியேறலாமே என்ற பதில் போதாது. சாண்ட்ரா கேட்டது வெளியேறும் உரிமையை அல்ல, மாலிசீட் பெண்ணாக டோபிக்கிலேயே வாழும் உரிமையை. அதோடு, இழப்பவரே அந்த விதியை ஆதரித்தால் என்ன செய்வது என்பது இன்னும் கடினமான நிலை. பொதுமைவாதிகள் அங்கே அவசரப்பட்டு "அவளுக்குத் தெரியவில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்லும்போது, தாங்கள் காக்க வந்தவரின் குரலையே அவர்கள் அடக்குகிறார்கள்.

கூட்டத்தில் எதை வைத்து விவாதம் தொடங்கலாம்?

மார்ட்டினெஸ் வழக்கை வையுங்கள், ஆனால் ஒன்றை மாற்றிவிடுங்கள். கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் பதிலாக, சாந்தா கிளாரா பெண்களும் ஆண்களும் சம எண்ணிக்கையில் அமரும் ஒரு புவேப்லோ மன்றம் ஜூலியாவை விசாரிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மன்றமும் 1939 விதியே நிற்கட்டும் என்று முடிவு செய்தால், அதன் பிறகு ஜூலியா வேறெங்காவது முறையிட வழி இருக்க வேண்டுமா? இருக்க வேண்டும் என்பவர்கள் யாரிடம் என்று சொல்லட்டும். வேண்டாம் என்பவர்கள் தாய் இறந்தபின் பிள்ளைகள் எங்கே குடியிருப்பார்கள் என்று சொல்லட்டும்.